மெயிலின் முதல் வரி: நலம் விசாரிப்பும் அதன் பின்னால் வரும் பாக்கியும்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஒரு தேன் பாக்கிங் யூனிட்டில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். சென்னை, கொச்சி, துபாய் கடைகளுக்கு நான்தான் மெயில் போடுவேன். எல்லா மெயிலையும் "தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்றுதான் தொடங்குவேன். போன வாரம் பாக்கி கேட்டுப் போட்ட மெயிலுக்குச் சென்னைக் கடை மேடம், "நலமெல்லாம் இருக்கட்டும், விஷயத்துக்கு வாங்க" என்று பதில் போட்டுவிட்டார். மரியாதைக்குப் போட்ட வரி ஏன் குத்துகிறது? அதை எடுத்துவிட்டால் மெயில் மொட்டையாகத் தெரியாதா?

பதில்:

வரியில் தப்பில்லை. அது வந்து நின்ற இடம்தான் தப்பு. அதே சொல்லை வாயால் சொன்னால் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். மார்த்தாண்டம் சந்தையில் தெரிந்தவரைப் பார்த்து "சுகமா இருக்கியளா?" என்று கேட்கிறீர்கள். கேட்டுவிட்டு ஒரு நொடி நிற்கிறீர்கள். அவர் "சுகம், அங்க?" என்பார். இல்லையென்றால் "எங்க சுகம், அம்மைக்கு மேலு சரியில்ல" என்பார், பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும். கேள்வி சடங்குதான், ஆனால் அந்தச் சடங்கில் எதிராளிக்கும் ஒரு முறை இருக்கிறது. மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் இந்த மாதிரிப் பேச்சை எழுதி வைத்தார்: சேதி சொல்வதற்காக அல்லாமல், "நாம் இருவரும் முகம் கொடுத்துப் பேசுகிற நிலையில் இருக்கிறோம்" என்று காட்டிக்கொள்வதற்காகவே பேசுகிற பேச்சு. நம் ஊரில் "சாப்பிட்டாச்சா?", "எங்க, தூரமா?" என்பதெல்லாம் அந்த வகைதான். தூரமா பக்கமா என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

மெயிலில் அந்த ஒரு நொடி நிற்பது கிடையாது. "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்து, அடுத்த வரியிலேயே பில் நம்பர் போட்டுவிடுகிறோம். அவர் முறை வருவதற்குள் நாம் கடந்து போய்விட்டோம். இன்னும் கூர்ந்து பார்த்தால் அது கேள்வியே இல்லை. "இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று பதிலையும் நாமே சொல்லி முடித்துவிட்டோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எல்லாரும் சுகம்தானே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து கடன் கேட்கிற ஆளை நமக்கெல்லாம் தெரியும். அந்த மேடத்துக்கு அந்த ஆள்தான் நினைவுக்கு வந்திருப்பார்.

"அப்படிப் பார்த்தால் வணக்கமும் தேய்ந்த சொல்தானே, அது ஏன் குத்தவில்லை?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி, இதற்குச் சரியான பதில் உண்டு. மொழித் தத்துவவாதி ஜான் செர்ல் 1969-இல், வாக்குக் கொடுப்பது, நன்றி சொல்வது, கேட்பது, முகமன் கூறுவது என ஒவ்வொரு பேச்சுச் செயலுக்கும் என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்று அட்டவணை போட்டார். நன்றி சொன்னால் மனசுக்குள் நன்றி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பொய். வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றும் எண்ணம் இருக்க வேண்டும். முகமன் சொல்லுக்கு மட்டும் அப்படி உள்மனசு நிபந்தனையே கிடையாது என்று குறித்தார். வணக்கம் என்பது கை கூப்புவது மாதிரி. அது எதையும் அறிவிப்பதில்லை, ஆகவே பொய்யாகவும் முடியாது. "நம்புகிறேன்" என்பது அப்படி இல்லை. என் மனசில் இன்னது இருக்கிறது என்று நீங்களாக அறிவிக்கிறீர்கள். இந்த மேடம் நலமா என்று நினைத்துப் பார்க்கவே இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வணக்கம் எத்தனை தடவை சொன்னாலும் தேய்வதில்லை, "நம்புகிறேன்" இரண்டாவது தடவையே தேய்ந்துவிடுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

தடவை என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். மெயில் பழைய கடிதம் போல ஒவ்வொன்றாக வந்து சேர்வதில்லை, ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோர்த்து நிற்கும். அந்த மேடம் உங்கள் மெயிலைத் திறந்தால் மார்ச் மாதத்து மெயில், ஏப்ரல் மெயில், மே மெயில் எல்லாம் ஒரே திரையில் வரிசையாக வரும். எல்லாவற்றிலும் முதல் வரி எழுத்துக்கு எழுத்து ஒன்று. தனித்தனியாக மரியாதையாக இருந்தது, வரிசையாக நிற்கும்போது ரப்பர் ஸ்டாம்பு ஆகிவிடுகிறது.

"நலம், நலமறிய ஆவல்" என்று நம் தாத்தாக்கள் எழுதினார்களே, அது ஏன் போலியாகத் தெரியவில்லை? அந்த வரிக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. பம்பாய்க்கோ கொழும்புக்கோ போன ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பது கடிதம் வந்தால்தான் தெரியும். "நலம்" என்ற ஒற்றைச் சொல்தான் அன்றைய முக்கியச் சேதி. ரோமானியர்களும் கிட்டத்தட்ட இதே வரியைத்தான் எழுதினார்கள்: "நீ நலமென்றால் நல்லது, நான் நலம்." நாளாக ஆக அதை முழுசாக எழுதக்கூடச் சோம்பல்பட்டு, லத்தீன் வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் முதல் எழுத்தை மட்டும் எடுத்து, ஆறு எழுத்தாக்கிக் கடிதத்தின் தலையில் போட்டார்கள். பயன் போனபின் ஒரு வரி எப்படிச் சுருங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இங்கிலீஷ் மெயிலில் வருகிற "ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்" என்பதும் கடிதம் ஆளைத் தேடி அலைந்த காலத்து வாடைதான். மெயில் யாரையும் தேடி அலைவதில்லை, இரண்டு நொடியில் அவர் பையில் இருக்கிற போனில் போய் மணி அடிக்கிறது.

அந்த மணி அடிக்கிற இடத்தில்தான் இன்னொரு நட்டம். போன் திரையில் அனுப்பியவர் பெயர், பொருள் வரி, அதன் கீழே மெயிலின் முதல் சில சொற்கள் தெரியும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே ஐந்தாறு சொல்தான் தேறும். நீங்கள் அந்த ஐந்தாறு சொல்லையும் "தாங்கள் நலமாக இருப்பீர்கள் என…" என்று செலவழித்துவிட்டீர்கள். கடையில் ஆளோடு பேசிக்கொண்டே எட்டிப் பார்க்கிறவருக்கு இது எந்த மெயில் என்றே தெரியாது, அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார்.

குத்துவது இருக்கட்டும், சில வாரங்களில் அந்த வரி காயப்படுத்தவே செய்யும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் நம் மாவட்டத்தின் மேல் போனபோது கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை, ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி ஒரு வாரத்தில், வெளியூர் கம்பெனியிலிருந்து "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம், கொட்டேஷன் அனுப்பவும்" என்று மெயில் வந்தால் எப்படி இருக்கும்? எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. பழகிய வரி கை போன போக்கில் விழுந்திருக்கும். பேப்பரையாவது பார்த்துவிட்டு எழுதியிருக்கலாமே என்று படிப்பவருக்குத் தோன்றுவதைத் தடுக்க முடியாது. இதே தவறை நாமும் எதிர்த்திசையில் செய்கிறோம். சென்னையில் டிசம்பர் வெள்ளத்தில் கடை மூழ்கிக் கிடக்கும்போது நம் மெயில் சிரித்த முகத்தோடு போய் நிற்கும்.

சரி, அதற்குப் பதிலாக என்ன எழுதுவது? விடை நம் அரசாங்கக் கடிதத்திலேயே இருக்கிறது. மாவட்டத் தொழில் மையத்துக்கோ மின்வாரியத்துக்கோ எழுதும்போது அனுப்புநர், பெறுநர் போட்டு, பொருள் போட்டு, அதன் கீழே "பார்வை" என்று ஒரு வரி போடுவோம்: தங்கள் கடிதம், இன்ன எண், இன்ன நாள். உலர்ந்த வரிதான். ஆனால் அது ஒரு காரியம் செய்கிறது. நீங்கள் எழுதியதை நான் படித்தேன், அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன் என்று சொல்கிறது. கடிதத்தில் அன்பு என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதில் பெரும்பங்கு இதுதான். ஆகவே மெயிலின் முதல் வரி, மனிதக் குரலில் சொன்ன "பார்வை"யாக இருந்தால் போதும். அவர் கடைசியாகச் சொன்னது, கேட்டது, செய்தது ஆகியவற்றில் ஒன்றை எடுத்து ஒரே வாக்கியத்தில் தொடுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மேலே இருக்கிற பெயரை அழித்துவிட்டுக் கொச்சிக் கடையின் பெயரைப் போடுங்கள். முதல் வரி அப்படியே பொருந்துகிறதா? பொருந்தினால் அது யாருக்கும் எழுதிய வரியில்லை. "தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி" இந்தச் சோதனையில் தோற்கும். "தங்கள் நிறுவனத்தின் வளர்ச்சி கண்டு மகிழ்கிறோம்" இன்னும் மோசமாகத் தோற்கும். "போன லோடில் லேபிள் கோணலாக இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினீர்களே, அது ரொம்ப உதவியாக இருந்தது" ஜெயிக்கும்.

இனி உங்கள் பாக்கி மெயிலுக்கு வருவோம். உங்கள் மெயில் என் முன்னால் இல்லை, ஆகவே ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 9-ஆம் தேதி பெட்டிக்கு 24 வீதம் 4 பெட்டி, 500 கிராம் பாட்டில் மொத்தம் 96 அனுப்பினீர்கள். பாட்டில் 250 ரூபாய், பில் 24,000 ரூபாய். 30 நாளில் பணம் என்று பேச்சு, அதாவது மே 9. இன்று மே 20, பணம் வரவில்லை. நீங்கள் போட்ட மெயில் இப்படி இருந்திருக்கும்:

"மதிப்பிற்குரிய சார்/மேடம், தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி. இணைப்பில் உள்ள பில்லுக்கான தொகை இதுவரை வரவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். விரைவில் அனுப்பி ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

"சார்/மேடம்" என்ற கோடே முதல் குற்றவாளி. தொடர்ந்து சரக்கு வாங்குகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாத மாதிரி எழுதிவிட்டு, அடுத்த மூச்சில் நலம் விசாரித்தால் யார் நம்புவார்கள்? அதைவிடப் பெரிய விஷயம் இந்த மெயிலில் இல்லாதது. இதை எழுதுவதற்கு முன்னால் அவரிடமிருந்து கடைசியாக வந்த மெயிலைத் திறந்து பாருங்கள். பாக்கி நிற்கிற இடத்தில் பத்துக்கு ஆறு தடவையாவது அங்கே பதில் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று கிடக்கும் என்பது என் கணிப்பு. நம் கணக்கில் அது இப்படி என்று வையுங்கள்: ஏப்ரல் 15 அன்று அவர் இரண்டு வரி எழுதியிருக்கிறார். இரண்டு பாட்டிலில் மூடி கசிந்து அட்டைப்பெட்டி ஒட்டிப்போயிற்று, 250 கிராம் பாட்டில் வருமா என்று வாடிக்கையாளர் கேட்கிறார்கள். நீங்கள் "நோட் பண்ணிக்கிட்டோம்" என்றுகூடப் பதில் போடவில்லை. அவர் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. பதில் வரட்டும் என்று பில்லை ஓரமாக வைத்திருப்பார். அந்த நேரத்தில் நலம் விசாரித்துக்கொண்டு போய் நின்றால் "விஷயத்துக்கு வாங்க" என்றுதான் சொல்வார், அவர் சொன்ன விஷயம் வேறு.

திருத்திய மெயில்:

"பொருள்: கசிந்த 2 பாட்டில், ஏப்ரல் 9 பில்

வணக்கம் மேடம்,

கசிந்த 2 பாட்டில் பற்றி ஏப்ரல் 15 அன்று எழுதியிருந்தீர்கள், பதில் போடாமல் விட்டது எங்கள் தவறு. அந்த 500 ரூபாயைப் பில்லில் கழித்துவிட்டோம், திருத்திய பில் இணைப்பில் இருக்கிறது: 23,500 ரூபாய். தவணை மே 9-உடன் முடிந்தது. இந்த வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிட முடியுமா?

250 கிராம் பாட்டில் ஜூன் கடைசியில் வரும், முதலில் 1 பெட்டி மாதிரிக்கு அனுப்புகிறேன்."

இதில் "அன்பு", "நலம்", "ஆதரவு" ஒன்றுமே இல்லை. ஆனால் முன்னதைவிட ஒட்டுதல் இல்லாத மெயில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காரணம் முதல் வரி அவருடைய குறையைப் பிடித்து ஆரம்பிக்கிறது, இரண்டாம் வரி அதற்குக் காசாகவே பதில் சொல்கிறது. போன் திரையில் தெரிகிற ஐந்தாறு சொல் "வணக்கம் மேடம், கசிந்த 2 பாட்டில் பற்றி" என்று இருப்பதால் அவர் உடனே திறப்பார். பணம் கேட்கிற வாக்கியத்திலும் மழுப்பல் இல்லை, தொகை இருக்கிறது, நாள் இருக்கிறது. "விரைவில்" என்ற சொல்லுக்கு யார் காலண்டரிலும் தேதி கிடையாது.

ஒரு எச்சரிக்கை. குறையை முதலில் தொடுவது, அதை உண்மையில் தீர்த்துவிட்டால் மட்டும்தான். 500 ரூபாயைக் கழிக்காமல் "கசிந்தது பற்றி மிகவும் வருந்துகிறோம்" என்று மட்டும் எழுதினால் அதுவும் பழைய வரிதான், சட்டை மட்டும் மாற்றியிருக்கிறது. அதேபோல, குறு சிறு நிறுவனத்துக்கு வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உங்கள் யூனிட் உத்யம் பதிவு வைத்திருந்தால் அது கையில் இருக்கும் ஆயுதம்தான். ஆனால் நலம் விசாரித்த அதே மெயிலின் கடைசியில் அந்தச் சட்டத்தைக் காட்டினால், முதல் வரி முழுப் பொய் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அந்த மெயில் வர வேண்டிய நாள் வந்தால், அது "வணக்கம் மேடம்" என்று தொடங்கி நேரே பில் நம்பருக்குப் போகட்டும். கடுமையான மெயிலுக்குச் சர்க்கரை தடவ வேண்டாம்.

குறையும் இல்லை, பழைய பேச்சும் இல்லை, ஆனால் தாமதத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால்? அப்போது உங்கள் ஊரே கைகொடுக்கும். ஜூனில் இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது சென்னையில் வெயில் காயும். அங்கே இருப்பவருக்கு உங்கள் யூனிட்டின் நிலைமை தெரிய வழியில்லை. தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் ஏறினால் தர விதிக்கு வெளியே போய்விடும், பிறகு புளிக்கவும் செய்யும். அதனால்தான் அடைமழை நாளில் டிரம்மைத் திறந்து வைத்துப் பாட்டிலில் ஊற்றத் தயங்குகிறீர்கள். இதை அப்படியே எழுதலாம்: "வணக்கம் மேடம், உங்களுக்கு அங்கே வெயிலாக இருக்கும், இங்கே நாலு நாளாக மழை விடவில்லை, காற்றில் ஈரம் குறையும் வரை டிரம்மைத் திறக்க முடியாததால் 60 பாட்டில் வியாழக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமை கிளம்பும்." வானிலை பேசுவது உலகத்திலேயே தேய்ந்த முகமன். ஆனால் இங்கே மழைதான் காரணம், காரணம்தான் முகமன். அதே மழையைப் பற்றி, மழைக்கும் சரக்குக்கும் சம்பந்தமில்லாத மெயிலில் எழுதினால் பழையபடி வெறும் பேச்சாகிவிடும்.

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. "3-ஆம் தேதி எங்களுக்கு உள்ளூர் விடுமுறை, ஆகவே 2-ஆம் தேதியே லாரியில் ஏற்றிவிடுகிறேன்" என்று தொடங்கினால் ஊர் வாசனையும் வந்தது, வேலையும் நடந்தது. கொச்சிக்கு ஓணத்தை ஒட்டிய வாரத்தில் எழுதினாலும் அப்படித்தான்: "ஓணத்துக்குக் கடை எத்தனை நாள் அடைப்பு?" என்பது வாழ்த்தைவிட உபயோகமான கேள்வி. எதிராளி என்ன மதம் என்று பெயரை வைத்து யூகித்துப் பண்டிகை வாழ்த்துப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். தப்பினால் சங்கடம், தப்பாவிட்டாலும் அவர் "எப்படித் தெரியும்?" என்று யோசிப்பார். அவருடைய ஃபேஸ்புக்கில் பார்த்த பிள்ளையின் பிறந்தநாளை வியாபார மெயிலின் முதல் வரியில் கொண்டுவருவதும் அதே கணக்கு. அவர் உங்களிடம் சொன்னதை மட்டும் எடுங்கள்.

முதன்முதலாக எழுதுகிற கடைக்கு "பார்வை" இருக்காது. அங்கே முதல் வரி எப்படி உங்களை வந்தடைந்தேன் என்பதாக இருக்கட்டும்: "உங்கள் கடையில் மலைத்தேன் மட்டும் வைத்திருப்பதைப் பார்த்தேன், எங்களிடம் ரப்பர்த் தோட்டத்துப் பெட்டித்தேன் இருக்கிறது." போதும். யார், ஏன் எனக்கு என்ற இரண்டுக்கும் ஒரே வரியில் விடை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். துபாய்க்காரரிடம் இந்தக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அரபு நாட்டு வியாபாரிக்கு நலம் விசாரிப்பு பேச்சின் வாசற்படி, அதைத் தாண்டிக் குதித்தால் அவசரக்காரன் என்று நினைப்பார். அவர் மெயிலில் வீட்டார் நலம் கேட்டிருந்தால் நீங்களும் ஒரு வரி பதில் சொல்லிவிட்டுத்தான் சரக்குக்கு வர வேண்டும். ஜப்பானியர்கள் பெரும்பாலான வியாபார மெயில்களை "எப்போதும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்" என்கிற பொருளில் ஒரே வரியால்தான் தொடங்குவார்கள், அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. அங்கே அது நம் வணக்கம் மாதிரி, அறிவிப்பு இல்லை. நம் ஊரிலேயே வயதான, கடிதக் காலத்து ஆள் ஒருவர் "நலம், நலமறிய ஆவல்" என்று உங்களுக்கு எழுதினால், "நாங்கள் நலம் ஐயா" என்று பதில் எழுதுங்கள். அவர் கேட்டது உண்மையான கேள்வி. அவர் எப்படித் தொடங்குகிறார் என்று பார்த்து அதில் பாதி அளவுக்காவது ஈடுகொடுப்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

விளிப்பைப் பற்றி ஒரு சொல். "வணக்கம் மேடம்", "வணக்கம் சார்" எழுத்தில் எப்போதும் பத்திரம். போனில் "அண்ணாச்சி", "அக்கா" என்று கூப்பிடுகிறவரை மெயிலிலும் அப்படியே கூப்பிடலாம், ஆனால் அந்த மெயில் அவருடைய கணக்கருக்கும் நகல் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நகலில் மூன்றாவது ஆள் இருந்தால் அக்கா மேடம் ஆகிவிடுவது நல்லது. மொத்தமாக அனுப்புகிற சாஃப்ட்வேரில் பெயர் தானாக விழும்படி வைத்திருந்தால் இன்னொரு விபத்து: நம்மில் பலர் இனிஷியலை முன்னால் எழுதுவதால் அது முதல் பெயர் என்று பதிவாகிவிடும். மெயில் "அன்புள்ள எஸ்" என்று போய்ச் சேரும். அன்பும் போயிற்று, பெயரும் போயிற்று. அனுப்பும் முன் அந்தப் பெயர்ப் பட்டியலை ஒரு தடவை கண்ணால் ஓட்டிவிடுங்கள்.

நீளம் எவ்வளவு என்றால், ஒரு வணக்கம், ஒரு வாக்கியம், எட்டிலிருந்து பன்னிரண்டு சொல். மழை வரி மாதிரி காரணமும் சேதியும் ஒன்றாக வரும்போது கொஞ்சம் நீளலாம். முகமனே இரண்டு வாக்கியம் ஆனால் விஷயத்தைத் தள்ளிப் போடுகிறீர்கள் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே இரண்டாவது மெயில் போனால் வணக்கம்கூட வேண்டாம், "லாரி நம்பர் கீழே" என்று தொடங்கலாம். மொட்டையாகத் தெரியுமா என்ற பயம் அங்கே தேவையில்லை, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. நாள் கழித்து எழுதுகிற மெயிலில் வணக்கமும் இல்லாமல், "பில் பேமெண்ட் இன்னும் வரல" என்று மட்டும் இருந்தால்தான் அது மொட்டை.

பழக்கத்தை மாற்றுவதற்கு, எழுதுகிற வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் எளிது. விஷயத்தை முதலில் எழுதிவிடுங்கள், முதல் வரியைக் கடைசியில் எழுதுங்கள். எழுதி முடித்துவிட்டுப் படித்தால் நடுவிலோ கடைசியிலோ அவர் கேட்ட ஒன்றுக்குச் சொன்ன பதில் கிடக்கும், அதைத் தூக்கி மேலே வைத்தால் பாதிக்கு மேற்பட்ட மெயிலுக்குத் தொடக்கம் கிடைத்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி மெயில் சேமித்து வைத்து அதை எடுத்து எடுத்து அனுப்புகிறீர்கள் என்றால் (எல்லா மெயிலிலும் ஒரே வரி என்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது), அதிலிருந்து நலமாக இருப்பீர்கள் வரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் "கடைசி மெயிலில் என்ன கேட்டார்?" என்று உங்களுக்கே ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். அனுப்பும் முன் அதை அழிக்க மறந்துவிடாதீர்கள். அதைச் சிவப்பு எழுத்தில் போட்டு, பெறுநர் முகவரியையும் கடைசியில்தான் நிரப்புவது என்று வைத்துக்கொண்டால் தவறிப் போகாது.